மாதவிடாய் நின்றபின் எல்டிஎல் ஏறினால்: சாப்பாடா, மாத்திரையா, ஹார்மோனா?

சமீபத்தில் மூன்று பெண்கள் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மூவரும் ஐம்பதை ஒட்டியவர்கள். சாப்பாட்டில் ஒன்றும் மாறவில்லை, எடையும் பெரிதாக ஏறவில்லை, ஆனால் கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல் மட்டும் 110-இல் இருந்தது 140, 150 என்று போய் நிற்கிறது. டாக்டர் ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை எழுதிவிட்டார், வீட்டுக்காரர் "ஆரம்பித்தால் விட முடியாது" என்கிறார், கூட வேலை செய்பவர் ஹார்மோன் எடுக்கச் சொல்கிறார், மாமியார் வெந்தயத்தை ஊறவைத்துக் காத்திருக்கிறார். எதைச் செய்வது?

நான் டாக்டர் இல்லை. பல வருஷமாக லேப்பில் ரத்தம் எடுத்து ரிப்போர்ட் போடும் ஆள். இந்த வயதுப் பெண்களின் பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்கு இதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

## முதலில், ஏன் ஏறுகிறது

கல்லீரல் செல்களின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் மாதிரி சில இருக்கின்றன. ஏற்பிகள் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும், நாம் கொக்கி என்றே வைத்துக்கொள்வோம். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை இந்தக் கொக்கிகள் நிறைய இருக்கும். மாதவிடாய் நிற்கும் நேரத்தில் ஈஸ்ட்ரோஜன் சரிய, கொக்கிகளும் குறைகின்றன, எல்டிஎல் ரத்தத்திலேயே கூடுதல் நாள் சுற்றுகிறது. தெருவில் குப்பை கூடவில்லை, அள்ளுகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால்தான் "நான் ஒன்றும் தப்பாகச் சாப்பிடவில்லையே" என்று இவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை.

இந்த ஏற்றம் பல வருஷத்தில் மெல்ல மெல்ல வருவதில்லை. அமெரிக்காவில் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஸ்வான் என்ற ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. கடைசி மாதவிடாய்க்கு முந்தின ஒரு வருஷம், பிந்தின ஒரு வருஷம், இந்த இடைவெளியில்தான் எல்டிஎல் வேகமாக ஏறுகிறது என்று அதில் தெரிந்தது. சராசரியாக 10 முதல் 15 மி.கி. வரை ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணை மனதில் வைத்திருங்கள், பின்னால் வேண்டும்.

கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு இதே மாற்றம் ஆபரேஷனுக்குப் பிறகு சட்டென்று வரும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்து சினைப்பையை விட்டுவைத்தவர்களுக்கு மாதவிடாய் நின்றதே தெரியாது, ஏனென்றால் ஏற்கெனவே வருவதில்லை. அவர்களுக்கு எல்டிஎல் ஏறுவதுகூட ஒரு துப்புதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நாலு விஷயம் பார்ப்பேன். எல்டிஎல் எவ்வளவு குறையும். அது குறைந்ததால் மாரடைப்பும் குறைந்தது என்று யாராவது சோதித்துக் காட்டியிருக்கிறார்களா. (இந்த இரண்டும் ஒன்றல்ல, ஹார்மோன் பகுதியில் பார்ப்பீர்கள்.) சீட்டில் எழுதாத செலவு என்ன. கடைசியாக, அந்தப் பெண்ணுக்கு எல்டிஎல் தவிர வேறு என்ன இருக்கிறது: சர்க்கரை, பிரஷர், கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிய வரலாறு, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றது, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55-க்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன் மாரடைப்பு. முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த நாலாவதுதான், ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வரும் எண் அல்ல.

எங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதற்கு இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் 2024-இல் தந்த வழிகாட்டுதல் எளிமையானது. வேறு ஆபத்து இல்லாதவருக்கு 100-க்குக் கீழ், ஆபத்து அதிகம் உள்ளவருக்கு 70-க்குக் கீழ், ஏற்கெனவே இதயநோய் வந்தவர் போன்றோருக்கு 55-க்குக் கீழ்.

எல்டிஎல் 150 இருக்கும் ஒருவரை வைத்துப் போட்ட கணக்கு இது:

| வழி | எவ்வளவு குறையும் | 150 எங்கே வரும் | மாரடைப்பு குறைகிறதா |
|---|---|---|---|
| சாப்பாட்டு மாற்றம் | 10–15% | 128–135 | ஓரளவு ஆதாரம் உண்டு |
| மிதமான அளவு ஸ்டாட்டின் | 30–45% | 83–105 | வலுவான ஆதாரம் |
| வாய்வழி ஹார்மோன் | 10–15% | 128–135 | அதற்காகக் கொடுத்துப் பார்த்ததில் இல்லை |
| கடை கேப்ஸ்யூல்கள் | கிட்டத்தட்ட இல்லை | 150 | இல்லை |

## எதையும் தொடங்கும் முன்: தைராய்டு

இதைத் தனியாக எழுதக் காரணம் எங்கள் அக்கா, பெரியம்மா மகள். 48 வயதில் அவருடைய எல்டிஎல் 112. 51-இல் மொத்தக் கொழுப்பு 228, எச்டிஎல் 50, ட்ரைகிளிசரைடு 150. நிறைய லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் தருகிறோம்: 228-இலிருந்து 50-ஐயும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கான 30-ஐயும் கழித்தால் 148. (ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்.)

112-இலிருந்து 148, அதாவது 36 ஏறியிருக்கிறது. மாதவிடாய் நின்றதால் சராசரியாக ஏறுவது 10, 15. மிச்சம் 20 எங்கிருந்து வந்தது? சோர்வு, முடி கொட்டுவது, மலச்சிக்கல், எல்லாவற்றையும் அக்கா "இந்த வயதில் அப்படித்தான்" என்று ஒதுக்கி வைத்திருந்தார். தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் பார்த்தோம், 11. தைராய்டு குறைந்தாலும் அதே கொக்கிகள்தான் குறையும். தைராய்டு மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் எல்டிஎல் 131-க்கு இறங்கியது, கொழுப்புக்கு என்று எதுவும் செய்யாமலே. டிஎஸ்எச் பார்க்காமல் ஸ்டாட்டின் தொடங்கினால் இன்னொரு சிக்கலும் உண்டு: கவனிக்காத தைராய்டுக் குறைவோடு ஸ்டாட்டின் சேரும்போது தசைவலி வரும் வாய்ப்பு கூடும், பழி மாத்திரை மேல் விழும்.

அதோடு ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். எல்டிஎல் ஒரே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் 10% வரை ஆடும். காய்ச்சல் வந்து தேறிய சமயத்தில் பார்த்தால் குறைவாகக் காட்டும். 131 இருந்தது 125 ஆனதை வெற்றி என்று எடுக்க முடியாது, 140 ஆனதை வைத்துப் பயப்படவும் வேண்டாம். ஒரே லேப், இரண்டு முறை.

## வழி 1: சாப்பாடு

சாப்பாட்டில் எல்டிஎல்லை உண்மையில் அசைப்பது இரண்டு விஷயம். முதலாவது நிறைவுற்ற கொழுப்பு, அதாவது நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், கொழுப்பு கூடிய பால், பேக்கரி பஃப்ஸ். இது கூடினால் கல்லீரல் கொக்கிகளைக் குறைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே ஈஸ்ட்ரோஜன் போனதால் குறைந்த கொக்கிகள் மேலும் குறையும், அதனால்தான் முப்பது வயதில் ஒத்துக்கொண்ட அதே சாப்பாடு இப்போது ரிப்போர்ட்டில் தெரிகிறது.

ஒரு நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடும் பெண்ணுக்கு நிறைவுற்ற கொழுப்பு சுமார் 14 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் 9 கிராம் இருக்கிறது. அரைமூடி தேங்காயைச் சட்னி அரைத்து நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு இன்னொரு 9. காலை இட்லியும் மதியம் பருப்பு நெய்யும் முடியும்போதே கோட்டா தாண்டிவிட்டது, வறுவலுக்கு இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. எண்ணெயிலும் அப்படித்தான்: ரேஷன் பாமாயிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு நிறைவுற்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல், நல்லெண்ணெயிலும் கடலெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்குள். வீட்டு எண்ணெயை மாற்றுவது ஒன்றே நாலு "டயட் சார்ட்"டுக்குச் சமம் என்பது என் கருத்து.

இரண்டாவது கரையும் நார். பயறு, சுண்டல், கொள்ளு, ஓட்ஸ், வெண்டைக்காய், அப்புறம் மருந்துக்கடை இசப்கோல். இது குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறது. பித்தநீர் செய்ய கல்லீரலுக்குக் கொழுப்பு வேண்டும், அதற்காக ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்க புதுக் கொக்கி போடுகிறது. இசப்கோல் தினம் 10 கிராம், நிறையத் தண்ணீரோடு, பல வாரம் எடுத்தால் 5 முதல் 7% குறையும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் சேராது, டிஎஸ்எச் திரும்ப ஏறும், பின்னாலேயே எல்டிஎல்லும் ஏறும்.

மாமியாரின் வெந்தயத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அதிலும் நார்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஸ்பூனில் இருக்கும் நார் கொஞ்சம்தான், அதை நம்பி மற்றதை விடக்கூடாது.

நடைப்பயிற்சி? பிரஷருக்கு, சர்க்கரைக்கு, ட்ரைகிளிசரைடுக்கு நல்லது, நடங்கள். எல்டிஎல்லில் மட்டும் சில சதவீதம்தான் அசையும். தினம் ஐந்து கிலோமீட்டர் நடந்தும் எல்டிஎல் அப்படியே இருக்கிறது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் எதிர்பார்த்தது தப்பு, நடந்தது தப்பில்லை.

சொல்லாத செலவு: வீட்டில் சமைப்பவரே இந்தப் பெண்தான். தனக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு சமையல் மூன்றாவது வாரம் நின்றுவிடும். மாற்றினால் வீட்டுக்கே மாற்ற வேண்டும், அதற்கு மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பள்ளம், எண்ணெயைக் குறைத்துவிட்டு அந்தப் பசிக்கு இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொள்வது. எல்டிஎல் கொஞ்சம் இறங்கும், ட்ரைகிளிசரைடு ஏறிவிடும். அந்த இடத்தில் பயறோ கடலையோ வர வேண்டும்.

யாருக்கு இது போதும்: எல்டிஎல் 105 முதல் 130-க்குள், பக்கத்தில் வேறு ஆபத்து எதுவும் இல்லை. 12 வாரம் கொடுத்துத் திரும்பப் பாருங்கள். 118 இருப்பவர் 15% குறைத்தால் 100-ஐத் தொட்டுவிடுவார். 150 இருப்பவருக்கு 100-க்கு வர மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும், சாப்பாடு மட்டும் அதைச் செய்யாது, அது அவருடைய மன உறுதிக் குறைவும் இல்லை.

## வழி 2: ஸ்டாட்டின்

அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டும்தான் இங்கே அதிகம் எழுதப்படுபவை. கல்லீரல் தானே கொழுப்பு தயாரிப்பதை இவை தடுக்கின்றன, உடனே அது வெளியிலிருந்து இழுக்க கொக்கிகளைக் கூட்டுகிறது. அதாவது ஈஸ்ட்ரோஜன் காலி செய்துவிட்டுப் போன அதே இடத்தைத்தான் நிரப்புகிறது. ரோசுவாஸ்டாட்டின் 5 அல்லது 10 மி.கி., அடோர்வாஸ்டாட்டின் 10 அல்லது 20 மி.கி., இவை மிதமான அளவு. அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது, கூடுதலாக 6% மாதிரிதான் கிடைக்கும். ஆகவே சின்ன அளவிலேயே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

ஆதாரத்தில் இதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. எல்டிஎல் சுமார் 39 மி.கி. குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. "அதெல்லாம் ஆண்களை வைத்துச் செய்தது" என்ற பேச்சு ரொம்ப நாள் இருந்தது. 2015-இல் பல ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது பெண்களுக்கும் ஒரே மாதிரி பலன் என்று வந்தது.

இனி செலவு. மாத்திரை விலை பெரிதில்லை, ஜெனரிக் என்றால் தினம் சில ரூபாய். சர்க்கரை எல்லையில் நிற்பவர்களுக்கு அது கொஞ்சம் முன்னதாகக் கோட்டைத் தாண்டலாம், உண்மைதான், அதனால் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் மாரடைப்பு ஆபத்தும் அதிகம் என்பதால் பெரும்பாலும் கணக்கு மாத்திரை பக்கமே சாய்கிறது.

தசைவலிதான் பெரிய பேச்சு. மாதவிடாய் நிற்கும் வயதில் மூட்டும் தசையும் தாமாகவே வலிக்கும், அந்த நேரம் பார்த்து மாத்திரை தொடங்கினால் எல்லா வலியும் அதன் கணக்கில் ஏறும். 2020-இல் வந்த சாம்சன் என்ற ஆய்வில், ஸ்டாட்டினால் தொந்தரவு என்று நிறுத்தியவர்களுக்கே தெரியாமல் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று மாற்றிக் கொடுத்தார்கள். தொந்தரவில் 90% அளவு வெறும் மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று அர்த்தமில்லை, காரணம் பெரும்பாலும் வேறு. உண்மையான ஸ்டாட்டின் வலி பொதுவாக இரண்டு பக்கமும் தொடையிலோ தோளிலோ வரும். ஒற்றை முழங்கால் படியேறும்போது வலித்தால் அது முழங்காலின் பிரச்சினை. சந்தேகம் என்றால் டாக்டரிடம் சொல்லி சில வாரம் நிறுத்தி, திரும்பத் தொடங்கிப் பாருங்கள். சிறுநீர் கறுத்துப்போய் கடும் வலி வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.

45, 46 வயதில் மாதவிடாய் தள்ளித் தள்ளி வரும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கர்ப்பம் இன்னும் சாத்தியம். கர்ப்பத்தில் ஸ்டாட்டின் பொதுவாக வேண்டாம் என்பார்கள், அதனால் அதை எடுக்கும்போது கருத்தடை பற்றிப் பேசாமல் விடக்கூடாது. இந்த வயதில் டாக்டரும் கேட்க மாட்டார், நாமும் சொல்ல மாட்டோம்.

யாருக்கு இது முதல் வழி: எல்டிஎல் 190-ஐத் தாண்டியவர்கள் (இது பரம்பரையாக இருக்கலாம், மெனோபாஸ் மேல் போட வேண்டாம்), நாற்பதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்கள், ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்கள். இவர்கள் 12 வாரச் சாப்பாட்டுச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம், இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம்.

நடுவில் நின்று முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இரண்டு சோதனை உதவும். ஒன்று லிப்போபுரோட்டீன் ஏ என்ற, பரம்பரையாக வரும் இன்னொரு கொழுப்பு, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், 50 மி.கி.க்கு மேல் என்றால் மாத்திரை பக்கம் சாய வேண்டும். இன்னொன்று இதய ரத்தக்குழாய் கால்சியம் ஸ்கேன். அதில் பூஜ்ஜியம் வந்து, சர்க்கரையோ குடும்ப வரலாறோ புகைப்பழக்கமோ இல்லை என்றால் சில வருஷம் மாத்திரையைத் தள்ளிப்போடலாம்.

## வழி 3: ஹார்மோன்

ஈஸ்ட்ரோஜன் போனதால்தானே ஏறியது, அதையே திரும்பக் கொடுத்தால் என்ன? கேட்க ரொம்ப நியாயமாக இருக்கிறது. தொண்ணூறுகளில் டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் எல்டிஎல்லைக் குறைக்கவும் செய்தது. ஆனால் 1998-இல், ஏற்கெனவே இதயநோய் உள்ள பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த ஹெர்ஸ் ஆய்வில் மாரடைப்பு குறையவில்லை, முதல் வருஷத்தில் கூடியது. 2002-இல் பெண்கள் நல ஆய்வின் கூட்டு ஹார்மோன் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதே மாத்திரை ட்ரைகிளிசரைடைக் கூட்டுகிறது, ரத்தம் உறையும் ஆபத்தையும் கூட்டுகிறது. எல்டிஎல் இறங்கியது என்பதற்காக இதயம் பிழைத்தது என்று அர்த்தமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

தோலில் ஒட்டும் பட்டையிலும் தடவும் ஜெல்லிலும் ரத்த உறைவு ஆபத்து குறைவு, ஆனால் எல்டிஎல்லும் அவ்வளவாகக் குறையாது.

அதற்காக ஹார்மோன் கெட்டது என்று சொல்லவில்லை. 2002-க்குப் பிறகு வந்த பயம் மறுபக்கம் ரொம்பத் தூரம் போய்விட்டது. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள், ராத்திரி வியர்த்துக் கொட்டித் தூங்க முடியாமல் தவிக்கும் பெண்ணுக்கு இது நல்ல சிகிச்சை. 45-க்கு முன்பே நின்றவர்களுக்கும், சினைப்பையை எடுத்தவர்களுக்கும், தடை எதுவும் இல்லை என்றால் சாதாரணமாக நிற்கும் வயதுவரை கொடுப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது என்றே சொல்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஆக, வியர்வைக்கு எடுங்கள், எல்டிஎல் கொஞ்சம் இறங்கினால் இலவசம். எல்டிஎல்லுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

## வழி 4: கடை கேப்ஸ்யூல்

சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2022-இல் ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி.யோடு மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறையும் 28 நாள் ஒப்பிட்டார்கள். ரோசுவாஸ்டாட்டின் எல்டிஎல்லை 38% அளவுக்குக் குறைத்தது. மற்ற ஆறும் வெறும் மாத்திரையைவிட எதையும் பெரிதாகச் சாதிக்கவில்லை, பூண்டு கேப்ஸ்யூலில் கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது. ரசத்தில் பூண்டைத் தாராளமாகப் போடுங்கள், டப்பாவுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இதன் பெரிய செலவு பணம்கூட இல்லை, "ஏதோ எடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்ற நிம்மதியில் கழியும் இரண்டு வருஷம்.

## அக்கா என்ன செய்தார்

தைராய்டு சரியானபின் 131. வீட்டில் பாமாயிலை நிறுத்தி கடலெண்ணெய், தேங்காய்ச் சட்னி வாரம் இரண்டு நாள், சாயங்காலம் பஃப்ஸுக்குப் பதில் சுண்டல், ராத்திரி இசப்கோல். 12 வாரம் கழித்து 116. நல்ல இறக்கம்தான், வேறு ஒன்றும் இல்லாதவராக இருந்தால் இன்னொரு மூன்று மாதம் இதையே தொடரச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவருடைய தம்பிக்கு 49-இல் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அவருக்கே முதல் பிரசவத்தில் பிரஷர் ஏறி அவசரமாக ஆபரேஷன் செய்திருந்தார்கள், எச்பிஏ1சி 6.1, அதாவது சர்க்கரை எல்லையில். இந்த மூன்றையும் டாக்டர் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை, நான்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அதைப் படித்ததும் இலக்கு 100 என்பது 70 ஆகிவிட்டது.

ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. எழுதினார். சீட்டு இரண்டு மாதம் கைப்பையிலேயே கிடந்தது. அப்புறம் ஒருநாள் தொடங்கி, மூன்றாவது வாரம் முழங்கால் வலி என்று நிறுத்தினார், நிறுத்தியும் வலி போகவில்லை, திரும்பத் தொடங்கினார். எட்டு வாரம் கழித்து 74. 70-க்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. அளவைக் கூட்டுவதா, எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பதா என்று அடுத்த முறை பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர். 74-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் ஆட்டத்துக்குள் அடங்கும் என்பதால் இன்னொரு ரிப்போர்ட் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். வருகிற மாதம் ரத்தம் கொடுக்க வருகிறார்.